பிளேன்டீ நிற வினாகிரி

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மூலை முழுக்க உம்மாவின் அச்சாறுப் போத்தல்கள்தான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட், பேரீச்சம்பழம், அரைத்த கடுகு, இவற்றோடு வினாகிரி. கலியாண வீட்டு புரியாணிக்கும் பெருநாள் பகல் சாப்பாட்டுக்கும் அந்த அச்சாறு இல்லாவிட்டால் எங்கள் ஒழுங்கையில் பலருக்குத் தொண்டைக்குள் சோறு இறங்காது. வாப்பாவின் கடை வருமானம் குறைந்த நாளிலிருந்து உம்மா அதை ஓடருக்குச் செய்து கொடுக்கத் தொடங்கினார். என் டியூஷன் காசு அந்தப் போத்தல்களிலிருந்துதான் வருகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் செய்த பிழை ஆய்வுகூடத்தோடு முடிந்துவிடவில்லை.

சென்ற பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது உம்மா சந்தையிலிருந்து ஐந்து லீற்றர் கான் ஒன்றை வாங்கி வந்தார். பேரீச்சம்பழ வினாகிரி என்று விற்றார்களாம். லேபல் கிடையாது. மூடியைத் திறந்து ஒரு கிளாசில் ஊற்றிப் பார்த்தோம். நன்றாகச் சாயம் இறங்கிய பிளேன்டீ போல இருந்தது.

"பாருங்க மகள், எவ்வளவு கறுப்பு. வெள்ளை வினாகிரியை விட இதுதான் காரமா ஈக்கும்" என்றார் உம்மா.

நான் சிரித்தேன். உயர்தர இரசாயனவியல் செய்முறையில் அந்தக் கிழமைதான் நியமிப்பு செய்துகொண்டிருந்தோம். "நிறத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது உம்மா. நான் ஸ்கூல்ல பார்த்துச் சொல்றேன்" என்று ஒரு சின்னப் போத்தலில் அந்தக் கறுப்பு வினாகிரியையும் இன்னொன்றில் கடையில் வாங்கிய வெள்ளை வினாகிரியையும் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைப் போத்தலின் லேபலில் 4 வீதம் என்று இருந்தது. அதாவது 100 மில்லிலீற்றரில் 4 கிராம் அசற்றிக் அமிலம். உம்மாவின் அச்சாறு அளவுகள் எல்லாம் அந்த 4 வீதத்தை வைத்துத்தான் பழகியவை.

செய்யும் முறை இதுதான். வினாகிரியை அப்படியே நியமித்தால் காரம் அதிகமாகச் செலவாகும். அதனால் 10 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, கனமானக் குடுவையில் 100 மில்லிலீற்றர் கோடு வரை காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் குலுக்க வேண்டும். அதிலிருந்து 25 மில்லிலீற்றரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, இரண்டு மூன்று துளி பினோப்தலீன் விட்டு, அளவியிலிருந்து சோடியம் ஐதரொட்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் முழுவதும் தீர்ந்து ஒரு துளி காரம் மிஞ்சும் நேரத்தில் நிறமற்ற கரைசல் மெல்லிய இளஞ்சிவப்பாகும். அதுதான் முடிவுப் புள்ளி.

காரத்தின் செறிவையும் முதலில் சரிபார்த்திருந்தோம். சோடியம் ஐதரொட்சைட்டு ஈரத்தையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொள்ளும் பொருள். அதைத் தராசில் நிறுத்துக் கரைத்ததும் செறிவு தெரியும் என்று நம்ப முடியாது. ஆகவே லீற்றருக்கு 0.05 மூல் ஒட்சாலிக் அமிலத்தின் 25 மில்லிலீற்றரோடு அதை நியமித்தோம். 25.50 மில்லிலீற்றர் செலவானது. ஒரு மூல் ஒட்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மூல் காரம் வேண்டும். கணக்குப் பார்த்தால் எங்கள் காரம் லீற்றருக்கு 0.098 மூல்.

வெள்ளை வினாகிரி எனக்கு ஒரு கஷ்டமும் தரவில்லை. 17.35, 17.30, 17.40. மூன்று வாசிப்பும் பக்கத்துப் பக்கத்தில். 0.098 ஐ 17.35 ஆல் பெருக்கினால் 1.70 மில்லிமூல். எடுத்த 25 மில்லிலீற்றரில் உண்மையான வினாகிரி இருப்பது 2.5 மில்லிலீற்றர்தான். அதனால் 1.70 ஐ 2.5 ஆல் வகுத்தால் லீற்றருக்கு 0.68 மூல். அசற்றிக் அமிலத்தின் ஒரு மூல் 60 கிராம். ஆகவே லீற்றருக்கு ஏறத்தாழ 41 கிராம், அதாவது 4.1 வீதம். லேபல் பொய் சொல்லவில்லை.

பிறகு கறுப்பு வினாகிரி. பத்து மடங்கு ஐதாக்கிய பிறகும் குடுவையில் இருந்தது சாயம் குறைந்த தேநீர்தான். பினோப்தலீன் விட்டேன். காரத்தைத் திறந்தேன். வெள்ளை வினாகிரியில் கண்ட அந்த இளஞ்சிவப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கடும் பழுப்பானது. பிறகு செம்பழுப்பு. "இதுவா? இன்னும் கொஞ்சமா?" என்று விட்டுக்கொண்டே போய், சிவப்பு என்று மனசுக்குப் பட்ட இடத்தில் நிறுத்தினேன். 16.60. அடுத்த முறை 18.20. அதற்கு அடுத்த முறை 17.10.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். 17.30. வெள்ளை வினாகிரிக்கு வந்த அதே எண்! 4.1 வீதம் என்று கொப்பியில் எழுதி இரண்டு கோடும் கீறினேன். வீட்டுக்கு வந்து, "உம்மா, இது நல்ல வினாகிரிதான். வெள்ளையைப் போலத்தான்" என்று சொன்னேன். உம்மா அன்றிரவே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். இருபது போத்தல்.

எட்டாம் நாள் காலையில் உம்மும்மாதான் முதலில் கண்டார். ஒரு போத்தலின் மூடி மேலே உப்பி இருந்தது. திறந்தபோது சோடாப் போத்தல் போலச் சத்தம் வந்து நுரை பொங்கியது. ஒன்றல்ல, பதினொரு போத்தல் அப்படி. மிச்சத்தையும் கொடுக்க உம்மாவுக்கு மனம் வரவில்லை. ஓடர் தந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கோல் எடுத்து, காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

திங்கட்கிழமை கொப்பியைத் தூக்கிக்கொண்டு இரசாயனவியல் டீச்சரிடம் போனேன். அவர் இறுதி விடையைப் பார்க்கவில்லை. மூன்று வாசிப்புகளின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மூன்றும் ஒரே கரைசலா?"

"ஓம் டீச்சர்."

"வெள்ளைக்கு உங்கட வாசிப்பு 0.1 க்குள்ள நிக்குது. இதுக்கு ஒன்றரை மில்லிலீற்றர் வித்தியாசம். அப்ப கரைசல் மாறல்ல. நீங்க முடிவுப் புள்ளியைக் காணவே இல்ல."

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. ஒன்றோடொன்று பொருந்தாத வாசிப்புகளைச் சராசரி எடுத்தால் சரியான விடை பிறக்காது. பிழைகள் இரண்டு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தாலாவது சராசரி உதவும். என்னுடைய பிழை ஒரே பக்கத்துப் பிழை. நான் எப்போதும் சிவப்பு வரும் என்று காத்திருந்து அதிகமாகவே விட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடக் குறைவாக விடவில்லை. அதிகக் காரம் என்றால் அதிக அமிலம் என்று கணக்கு சொல்லும். பலம் குறைந்த வினாகிரியைப் பலமானதாக்கியது என் கண்தான். அதோடு 17.30 என்று கண்டதும் நான் ஏன் இன்னொரு முறை செய்து பார்க்கவில்லை? அந்த எண்ணைத்தான் நான் விரும்பினேன்.

ஏன் இளஞ்சிவப்புத் தெரியவில்லை என்று டீச்சர் விளக்கினார். பினோப்தலீன் இளஞ்சிவப்பாகத் தெரிவது அது பச்சை ஒளியை உறிஞ்சுவதால். பழுப்புக் கரைசலோ நீல ஒளியையும், பச்சையில் ஒரு பங்கையும் ஏற்கனவே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இருட்டறையில் இன்னொரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்குப் பழங்களிலிருந்து வரும் சில நிறப்பொருள்கள் காரத்தில் தாமாகவே கடும் நிறம் கொள்ளும். பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் சாயம் வெளிறுவதை எல்லோரும் கண்டிருப்போம். காரம் விட்டால் அதற்கு எதிர்மாறு நடக்கும். நான் கண்ட "செம்பழுப்பு" காட்டியின் வேலையா வினாகிரியின் வேலையா என்று பிரித்தறிய எனக்கு வழியே இருக்கவில்லை.

"அப்ப நிறத்தை எடுத்துப் போட்டா?" என்று கேட்டேன். ஆய்வுகூட அலுமாரியில் நிறம் நீக்கும் ஏவற்கரி இருந்தது. ஐதாக்கிய கறுப்பு வினாகிரியோடு கரியைக் கலக்கி, கொஞ்ச நேரம் வைத்து வடிதாளில் வடித்தேன். நீர் மாதிரி இறங்கியது! முடிவுப் புள்ளி கண்ணாடி போலத் தெளிவு. 13.05, 13.10, 13.00. வாசிப்புகளும் பொருந்தின. 3.1 வீதம். கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளாத குறை.

டீச்சர் மட்டும் துள்ளவில்லை. "வெள்ளை வினாகிரியையும் இதே மாதிரி கரியில போட்டு வடிச்சுப் பாருங்க" என்றார். அதில் நீக்குவதற்கு நிறமே இல்லையே என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன். 17.35 வர வேண்டிய இடத்தில் 15.80 வந்தது. கரி நிறப்பொருளை மட்டும் பிடித்துவைக்கவில்லை, தன் மேற்பரப்பில் அசற்றிக் அமிலத்தையும் கொஞ்சம் ஒட்டவைத்துக்கொண்டது. கரி அசற்றிக் அமிலத்தைப் புறத்துறிஞ்சுவது பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் செய்யும் பழைய செய்முறை ஒன்று என்று டீச்சர் சொன்னார். ஆகவே 3.1 என்பதும் பிழை. முதல் எண் உண்மைக்கு மேலே, இது உண்மைக்குக் கீழே. வாசிப்புகள் பொருந்தினால் மட்டும் போதாது, ஒரே பிழையை ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்தாலும் அவை பொருந்தும் என்பதை அன்று கற்றேன். விடை தெரிந்த ஒன்றை அதே வழியால் அனுப்பிப் பார்த்திராவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது வழி மிகவும் எளிமையானது. தண்ணீர். ஐதாக்கிய வினாகிரியில் வழக்கம்போல 25 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்துப் பெரிய குடுவையில் விட்டு, அதன் மேல் 150 மில்லிலீற்றர் நீர் ஊற்றச் சொன்னார். "அப்ப அமிலமும் குறையுமே டீச்சர்?" என்றேன். பிறகு என் கேள்விக்கு நானே வெட்கப்பட்டேன். செறிவு குறையும். ஆனால் குடுவைக்குள் போன அமிலத்தின் மூல் எண்ணிக்கை மாறாது. அளவி எண்ணுவது மூல்களைத்தான். தேநீரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போட்ட சீனி அவ்வளவுதானே! நிறம் மட்டும் வெளிறும்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்த நீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு எடுக்க வேண்டும். சாதாரண நீரில் காற்றின் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். பினோப்தலீன் நிறம் மாறும் இடத்துக்குப் போவதற்குள் அதுவும் காரத்தைத் தின்னும். 150 மில்லிலீற்றர் ஊற்றும்போது அது கணக்கில் ஏறிவிடும். கொதிநீரிலும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, வினாகிரி இல்லாமல் நீருக்கும் காட்டிக்கும் மட்டும் காரம் விட்டேன். ஒரு துளியிலேயே இளஞ்சிவப்பு. நீர் நல்லது.

அதோடு பக்கத்தில் இன்னொரு குடுவை. அதிலும் அதே 25 மில்லிலீற்றர், அதே நீர், ஆனால் பினோப்தலீன் இல்லை. நான் நியமிக்கும் குடுவைக்கு விட்ட அளவு காரத்தை இதற்கும் விட்டேன். இப்போது காரத்தால் வரும் கடும் நிறம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் ஏதாவது தெரிந்தால் அது காட்டியால் வந்தது. இரண்டையும் வெள்ளை ஓட்டின் மேல், ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "சிவப்பா, இல்லையா?" என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்ற கண், "இரண்டும் ஒன்றா, வேறா?" என்று கேட்டபோது உடனே பதில் சொன்னது. 14.40 வரை இரண்டும் ஒரே வெளிர் மஞ்சள் பழுப்பு. அடுத்த துளியில் ஒன்றில் மட்டும் ஒரு ரோஜாச் சாயல் படர்ந்தது. 14.45, 14.50, 14.45.

இந்த எண்ணைக் கண்ணை நம்பாத ஒரு வழியால் சரிபார்க்க வேண்டும் என்று நானே கேட்டேன். டீச்சர் பி.எச். மானியை எடுத்துத் தந்தார். முதலில் 4, 7, 10 என்ற தாங்கற் கரைசல்களில் அதைச் சரிசெய்தோம். பிறகு காட்டியே இல்லாமல், காரம் விட விட எண்ணை வாசித்து எழுதினேன். 13.00 மில்லிலீற்றரில் 5.7. 14.00 இல் 6.3. 14.30 இல் 6.9. அதுவரை ஆமை மாதிரி நகர்ந்த எண் 14.50 இல் 9.8 க்குப் பாய்ந்துவிட்டது. அந்தப் பாய்ச்சலின் நடுவில், 14.40 இல், சமவலுப் புள்ளி. மானிக்குப் பழுப்பும் தெரியாது, சிவப்பும் தெரியாது, பெருநாள் ஓடரும் தெரியாது. அசற்றிக் அமிலம் மென்னமிலம் என்பதால் அந்தப் பாய்ச்சல் 7 க்கு மேலே, 8 க்கும் 9 க்கும் இடையில் மையம் கொள்கிறது. பினோப்தலீன் பொருந்துவதும், 3 க்கும் 4 க்கும் இடையிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும் மெதைல் செம்மஞ்சள் பொருந்தாததும் ஏன் என்று பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அன்று என் கையால் எழுதிய எண்களில் அதைக் கண்டேன்.

0.098 ஐ 14.40 ஆல் பெருக்க 1.41. அதை 2.5 ஆல் வகுக்க லீற்றருக்கு 0.564 மூல். 60 ஆல் பெருக்க ஏறத்தாழ 34 கிராம். 3.4 வீதம். அதுவும் முழுவதும் அசற்றிக் அமிலம் என்று சொல்ல முடியாது. காரம் எல்லா அமிலங்களையும் எண்ணும். பழத்திலிருந்து செய்த வினாகிரி என்றால் அதில் வேறு அமிலங்களும் கொஞ்சம் இருக்கும். ஆகவே "அசற்றிக் அமிலமாகக் கணக்கிட்ட மொத்த அமிலம்" என்று எழுதுவதுதான் நேர்மை.

அன்று பின்னேரம் உம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். "உம்மா, நான் சொன்னது பிழை. அது 4.1 இல்ல, 3.4. நான் நிறத்தில ஏமாந்துட்டேன்" என்றேன். நிறத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது என்று அவரிடம் பெருமையடித்ததும் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த வித்தியாசத்தாலதான் பொங்கிச்சா?"

அதற்கு நான் ஓம் என்று சொல்லவில்லை. அச்சாற்றில் பேரீச்சம்பழத்தின் இனிப்பு இருக்கிறது, இனிப்பு இருந்தால் மதுவம் வேலை செய்யப் பார்க்கும். வெங்காயமும் கரட்டும் தங்கள் நீரை விட்டு அமிலத்தை இன்னும் ஐதாக்கும். 4 வீதத்துக்குப் பழகிய அளவில் 3.4 ஐ ஊற்றினால் காப்பு மெலிந்துவிடும். போத்தல் சரியாகக் காயாததும் காரணமாக இருக்கலாம். "அதாலதான் என்று என்னால நிரூபிக்க ஏலாது உம்மா. ஆனா அந்த வினாகிரியை அச்சாறுக்குப் பாவிங்க என்று நான் சொல்லியிருக்கவே கூடாது" என்றேன்.

"சரி மகள். இப்ப சரியா அளந்தீங்கதானே" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் அந்தக் கானும் ஒரு மார்க்கர் பேனையும் இருந்தன. நான் கானின் மேல் பெரிதாக 3.4 என்று எழுதி, கீழே "சலாதுக்கு மட்டும்" என்று எழுதினேன். நானா அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார்.

திருப்பிக் கொடுத்த காசைச் சேர்க்க உம்மாவுக்கு இரண்டு மாதம் எடுத்தது. இப்போது லேபல் இல்லாத வினாகிரி எங்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் என் பாடசாலைப் பைக்குள்தான் போகும். என் செய்முறைக் கொப்பியில் அந்த 17.30 இன்னும் இருக்கிறது. இரண்டு கோடு கீறிய அந்த விடையை நான் அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் மூன்று வாசிப்புகளையும் வட்டமிட்டு, "இவை பொருந்தவில்லை" என்று மட்டும் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்.